அடுத்த பகுதி எங்கே?

லைனிங் ப்ளவுஸ் தைக்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு யூடியூப் சேனலை எடுத்துக்கொள்வோம். நடத்துபவர் கைதேர்ந்த தையல் ஆசிரியை. அளவெடுப்பதில் ஆரம்பித்து, பேப்பர் கட்டிங், துணி வெட்டுவது, கை வெட்டுவது, லைனிங் சேர்த்து டாட் பிடிப்பது, ஹூக் பட்டி, கழுத்துக்குப் பைப்பிங், கடைசியில் கை பொருத்தி சைடு அடிப்பது என்று எட்டு வீடியோ போட்டிருக்கிறார். ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு நிமிடம். கை வெட்டும் வீடியோவை மட்டும் ஏகப்பட்ட பேர் பார்க்கிறார்கள். மற்ற ஏழும் சீந்துவாரில்லாமல் கிடக்கின்றன. கமெண்டில் திரும்பத் திரும்ப வருவது ஒரே கேள்விதான். "அக்கா, இதுக்கு முன்னாடி வீடியோ எங்க இருக்கு?" இன்னொருவர், "அளவு எடுக்கறதையும் ஒரு வீடியோவா போடுங்க சிஸ்டர்" என்கிறார். அந்த வீடியோ மூன்று மாதம் முன்பே வந்துவிட்டது.

அவருடைய பாடத்தில் குறையில்லை. ஒரு வீடியோவைப் பார்த்து முடித்தவருக்கு அடுத்தது எது, அது எங்கே இருக்கிறது என்று காட்டும் வழி இல்லை என்பதுதான் சிக்கல். இந்த மாதிரி சேனல்கள் தமிழில் நிறைய. சமையல், பத்திர எழுத்து, டிஎன்பிஎஸ்சி பாடம், மாடித்தோட்டம் என்று எதை எடுத்தாலும் நல்ல சரக்கு இருக்கிறது, தொடர்பு அறுந்து கிடக்கிறது.

ஒருவர் யூடியூபைத் திறந்து, ஒரு வீடியோவில் ஆரம்பித்து, அடுத்தடுத்து பார்த்து, மூடிவைக்கும் வரை உள்ள அந்த ஒரு அமர்வைத்தான் இந்தத் தொழிலில் செஷன் என்கிறார்கள். 2012 வரை யூடியூப் ஒரு வீடியோவை எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைத்தான் பெரிதாகப் பார்த்தது. ஏமாற்றும் தலைப்பு வைத்துத் திறக்கவைத்தவர்கள் முன்னுக்கு வந்தார்கள். அந்த ஆண்டு, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு எடை கொடுக்க ஆரம்பித்தது. பிற்பாடு, பார்த்தவருக்குத் திருப்தியா என்று நேரடியாகவே கேட்டு அதையும் சேர்த்துக்கொண்டது. வீடியோ போடுகிறவருக்கு இதனால் வந்த மாற்றம் ஒன்று உண்டு. பத்து நிமிட வீடியோவை முப்பது நிமிடமாக இழுப்பதால் பயனில்லை. ஆனால் பத்து நிமிடம் பார்த்தவர் மனமுவந்து அடுத்த பத்து நிமிடத்துக்கும் உங்களிடமே இருந்தால், அது உங்களுக்கும் லாபம், கற்றுக்கொள்ள வந்த அவருக்கும் லாபம்.

இதற்கு யூடியூப் கொடுத்திருக்கும் கருவி பிளேலிஸ்ட். பிளேலிஸ்ட் என்று ஒன்று போட்டதாலேயே யாருடைய வீடியோவும் மேலே ஏறிவிடாது. நிறைய சேனல்களில் பிளேலிஸ்ட் என்பது பழைய வீடியோக்களைப் போட்டுவைக்கும் பரண்தான். "டெய்லரிங் வீடியோஸ்" என்று ஒன்று இருக்கும். அதில் ப்ளவுஸ், சுடிதார், குழந்தை கவுன், மிஷினுக்கு எண்ணெய் விடுவது எல்லாம் சேர்த்து அறுபது வீடியோ இருக்கும். ப்ளவுஸ் கற்க வந்தவருக்கு அடுத்ததாக மிஷின் எண்ணெய் ஓடினால் அவர் ஏன் உட்கார்ந்திருக்கப் போகிறார்? முதல் வீடியோவைப் பார்த்தவருக்கு இரண்டாவது உண்மையிலேயே தேவைப்படுகிற இடத்தில்தான் பிளேலிஸ்ட் வேலை செய்கிறது.

ஆகவே முதலில் செய்யவேண்டியது பிரிப்பது. வரிசையாகப் பார்த்தால்தான் புரியும் என்பவை தொடர். எதை முதலில் பார்த்தாலும் பரவாயில்லை, பொருள் மட்டும் ஒன்று என்பவை தொகுப்பு. ப்ளவுஸ் எட்டு வீடியோவும் தொடர். கழுத்து டிசைன் இருபது வீடியோ இருந்தால் அது தொகுப்பு. தொடருக்கு எண் போடலாம், போடவும் வேண்டும். தொகுப்புக்கு எண் போட்டால் கெடுதல்தான். "கழுத்து டிசைன் பகுதி 17" என்று பார்த்ததும், முந்தைய பதினாறையும் பார்க்காமல் இது புரியாதோ என்று புதியவர் நகர்ந்துவிடுவார். அந்தப் பதினேழுக்குத் தொடர்பெயர் மட்டும் போதும், எண் தேவையில்லை.

பத்திரிகைத் தொடர்கதை படித்துப் பழகியவர்கள் நாம். கல்கி 1950-ல் தொடங்கிய பொன்னியின் செல்வனில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தனித் தலைப்பும் உண்டு, எண்ணும் உண்டு. ஆனால் பத்திரிகை வாசகருக்கு வாராவாரம் வரிசையாகவே கைக்கு வந்தது. வீடியோ பார்ப்பவர் அப்படி வருவதில்லை. தேடிப் பார்த்து, நேராக நாலாம் அத்தியாயத்தில் வந்து இறங்குகிறார். அவருக்கு மூன்று விஷயம் ஒரே பார்வையில் தெரியவேண்டும்: இந்த வீடியோவில் என்ன இருக்கிறது, இது எந்தத் தொடர், இது எத்தனையாவது. மூன்றையும் எந்த ஒழுங்கில் வைப்பது என்பதில்தான் தலைப்பின் நுட்பம் இருக்கிறது.

இரண்டு உதாரணம். சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கும் என்பிடெல் பாடங்களின் பழைய வீடியோக்களில் தலைப்பு `Mod-01 Lec-01` என்று ஆரம்பிக்கும். பாடத்தின் பெயர் அதற்குப் பிறகு வரும். பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரும் மாணவருக்கு இது மிகவும் வசதி. முப்பதாவது விரிவுரை வேண்டுமா, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஆனால் தேடலில் தற்செயலாக வந்தவர் போனில் முதலில் பார்ப்பது இரண்டு எண்களைத்தான். பாடத்தின் பெயரைக் கண்டுபிடிக்க அவர் வாக்கியத்தின் பாதிவரை போகவேண்டும். மறுபக்கம், அமெரிக்காவின் ஜான் கிரீன், ஹேங்க் கிரீன் சகோதரர்களின் கிராஷ் கோர்ஸ். 2012-ல் வந்த உலக வரலாற்றுத் தொடரின் முதல் வீடியோவின் தலைப்பு இது:

```
The Agricultural Revolution: Crash Course World History #1
```

பொருள் முன்னால், தொடரின் பெயர் நடுவில், எண் கடைசியில். அந்தத் தொடரின் 42 வீடியோவும் கிட்டத்தட்ட இதே அச்சில்தான். வேளாண்மைப் புரட்சியைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவருக்கு முதல் சொற்களே விடை. முடித்தபின் பக்கத்தில் இதே அச்சில் 2 என்று ஒன்று தெரிந்தால், அது அடுத்தது என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. வகுப்பறைக்கு என்பிடெல் முறை, பொதுமக்களுக்கு கிராஷ் கோர்ஸ் முறை என்பது என் கருத்து. தையல் சேனலுக்கு வருபவர் பொதுமக்கள்.

இப்போது அந்த எட்டு வீடியோவுக்கு வருவோம். முன்பு இருந்த தலைப்புகள் இந்த மாதிரி இருக்கும்: "ப்ளவுஸ் கட்டிங் ஈஸி மெத்தட்", "பார்ட் 2 ப்ளவுஸ்", "லைனிங் ப்ளவுஸ் தைப்பது எப்படி பகுதி-3", "சூப்பரா கை வெட்டலாம் வாங்க". ஒரே தொடரை நாலு பெயரில் கூப்பிட்டிருக்கிறார். பார்ட் 2-க்கு பார்ட் 1 எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். மாற்றி எழுதினால்:

```
அளவு எடுப்பது எப்படி? | லைனிங் ப்ளவுஸ் 01
பேப்பர் கட்டிங் | லைனிங் ப்ளவுஸ் 02
துணி வெட்டுவது எப்படி? | லைனிங் ப்ளவுஸ் 03
கை வெட்டுவது எப்படி? | லைனிங் ப்ளவுஸ் 04
```

தொடர்பெயர் எட்டிலும் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்றில் ப்ளவுஸ், ஒன்றில் பிளவுஸ், இன்னொன்றில் ஜாக்கெட் என்று போட்டால் கண்ணுக்குச் சங்கிலி அறுந்துவிடும். பிளேலிஸ்டின் பெயரும் அதே தொடர்பெயரில் ஆரம்பிக்கட்டும்: "லைனிங் ப்ளவுஸ்: அளவு முதல் சைடு தையல் வரை". தம்ப்நெயிலிலும் எண்ணை ஒரே மூலையில், ஒரே நிறத்தில் வையுங்கள். வலது கீழ் மூலை மட்டும் வேண்டாம்; வீடியோவின் நேரத்தை யூடியூப் அங்கே ஒட்டி எண்ணை மறைத்துவிடும்.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. யூடியூப் தலைப்புக்கு 100 எழுத்து அனுமதிக்கிறது. ஆனால் நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்குப் பெரும்பாலும் இரண்டு. "கை" என்பது அதற்கு க ஒன்று, ஐகாரக் குறி ஒன்று. "ட்" என்பதும் ட ஒன்று, புள்ளி ஒன்று. மேலே உள்ள கை வெட்டும் தலைப்பை நாம் எண்ணினால், இடைவெளியும் குறிகளும் சேர்த்து 27. யூடியூப் எண்ணினால் 40. ஆகவே நூறு என்பது நமக்கு அறுபது எழுபதுதான். போனிலோ பொதுவாக இரண்டு வரிக்கு மேல் தலைப்பு தெரியாது. மீதி மூன்று புள்ளியில் மறைந்துவிடும். மறையும் பகுதியில்தான் எண் இருக்கிறது என்றால் எண் போட்டும் பயனில்லை. முன்னால் வரும் பொருளைச் சுருக்கினால்தான் பின்னால் வரும் எண் பிழைக்கும்.

பழைய தலைப்பை மாற்றினால் வியூஸ் போய்விடுமே என்று பலர் பயப்படுவார்கள். தலைப்பை மாற்றினால் லிங்க் மாறாது, பார்த்தோர் எண்ணிக்கையும் கமெண்டும் அப்படியேதான் இருக்கும். ஆனால் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. கை வெட்டும் வீடியோ தேடலில் நன்றாக வந்துகொண்டிருக்கிறது என்றால், ஜனங்கள் தட்டச்சு செய்யும் சொற்கள் அந்தத் தலைப்பில் இருப்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அந்தச் சொற்களை முன்னால் அப்படியே விட்டுவிட்டு, வாலில் மட்டும் தொடர்பெயரையும் எண்ணையும் சேர்ப்பது பாதுகாப்பு. யாரும் பார்க்காத ஏழு வீடியோவை முதலில் மாற்றிவிட்டு, ஓடுகிற குதிரையைக் கடைசியில் தொடலாம்.

பெயர் வைத்தாயிற்று. இனி வரிசை. தலைப்பில் 01, 02 என்று போட்டுவிட்டால் பிளேலிஸ்ட் தானாக அந்த வரிசையில் அமையும் என்று பலர் நினைக்கிறார்கள். யூடியூப் தலைப்பில் உள்ள எண்ணைப் படித்து அடுக்குவதில்லை. பிளேலிஸ்டின் அமைப்பில், வீடியோக்கள் எந்த ஒழுங்கில் வரவேண்டும் என்று ஒரு தேர்வு இருக்கும். அது புதியது முதலில் என்று இருந்தால், பிளேலிஸ்டைத் திறந்ததும் ஓடுவது எட்டாம் பாடம், அதாவது கை பொருத்தி சைடு அடிப்பது. அளவெடுக்கவே தெரியாதவர் முன்னால் சைடு தையல் வந்து நிற்கும். தொடருக்கு `Manual` என்பதைத் தேர்ந்தெடுத்து நீங்களே இழுத்து வரிசைப்படுத்துங்கள். புதிய வீடியோக்களை மேலே சேர்க்கும் தேர்வு இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். செய்தி, விமர்சனம் மாதிரித் தொகுப்புகளுக்குப் புதியது முதலில் என்பதே சரி. ஒரு தொடரை அதிகாரபூர்வத் தொடராக அறிவிக்கும் வசதியையும் யூடியூப் கொடுத்தது; அதில் ஒரு வீடியோ ஒரே ஒரு தொடரில்தான் இருக்கலாம் என்பது விதி. அந்த வசதியைப் பயன்படுத்தாவிட்டாலும் விதியைப் பின்பற்றுவது நல்லது. ஒரே வீடியோவை நாலு தொடரில் செருகினால் எதற்கு அடுத்தது எது என்பது உங்களுக்கே குழம்பும்.

பார்ப்பவரை அந்த வரிசைக்குள் கொண்டுவருவது அடுத்த வேலை. வாட்ஸாப் குழுவில் பகிரும்போது பலரும் வெறும் வீடியோ லிங்கை அனுப்புகிறார்கள். திறப்பவருக்கு அந்த ஒன்றுதான் கிடைக்கும். அது முடிந்ததும் யூடியூப் தனக்குத் தோன்றிய ஏதோ ஒன்றை ஓட்டும். பிளேலிஸ்டுக்குள் இருந்தபடி எடுத்த லிங்க் வேறு மாதிரி இருக்கும்:

```
https://www.youtube.com/watch?v=VIDEO_ID&list=PLAYLIST_ID
```

பின்னால் உள்ள `list=` என்ற துண்டு இருந்தால், வீடியோ தன் வரிசையோடு திறக்கும். முடிந்ததும் அடுத்த பகுதி ஓடும். ஒவ்வொரு வீடியோவின் விளக்கத்திலும் முதல் வரியில், எல்லாப் பகுதிகளும் வரிசையாக இங்கே என்று எழுதி, முதல் பகுதியின் இந்த நீள லிங்கைப் போடுங்கள். பின் செய்த கமெண்டிலும் அதையே போடலாம். "முன்னாடி வீடியோ எங்க?" என்ற கேள்விக்கு அதுவே பதில்.

எண்ட் ஸ்க்ரீன் என்பது வீடியோவின் கடைசி 5 முதல் 20 வினாடிக்குள் வரும் பெட்டிகள். நாலு பெட்டி வரை வைக்கலாம். நாலும் வைத்தால் எதைத் தொடுவது என்று தெரியாமல் பார்ப்பவர் எதையும் தொடமாட்டார். தொடரின் நடுவில் இருக்கும் வீடியோவுக்கு இரண்டு போதும். ஒன்று, அடுத்த பகுதியையே குறிப்பிட்டுத் தேர்ந்தெடுத்தது. இன்னொன்று, நடுவில் வந்து சேர்ந்தவருக்காக மொத்தப் பிளேலிஸ்ட். சமீபத்திய வீடியோ என்ற தேர்வை இங்கே வைக்கவேண்டாம். இன்று கை வெட்டும் பாடத்தைப் பார்ப்பவருக்கு நேற்று போட்ட குழந்தை கவுன் எதற்கு? குழந்தைகளுக்கானது என்று குறித்த வீடியோக்களில் இந்தப் பெட்டிகள் வராது. பாட்டு, கதை சேனல் நடத்துபவர்களுக்குப் பெயரும் வரிசையும்தான் துணை.

அந்தப் பெட்டிகள் தெரியும்போது நீங்கள் என்ன பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நம் வீடியோக்களில் பெரும்பாலும் இப்படித்தான் முடியும்: "இந்த வீடியோ பிடிச்சிருந்தா லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க, நன்றி வணக்கம்." நன்றி என்ற சொல் காதில் விழுந்ததுமே விரல் திரையை நோக்கிப் போய்விடும். ஸ்டூடியோவில் எந்த வீடியோவின் வரைபடத்தையும் திறந்து பாருங்கள், விடைபெறும் சொல் வரும் வினாடியில் கோடு சரியும். அதற்குப் பதிலாக, வெட்டிய கையைத் துணிமேல் வைத்துக் காட்டியபடி, "இந்தக் கையை இப்பவே பொருத்தினா சுருக்கம் விழும், முதல்ல லைனிங்கைச் சேர்த்து டாட் பிடிக்கணும், அது அஞ்சாவது பாடத்துல இருக்கு" என்று சொன்னால், பார்ப்பவருக்கு அடுத்ததன் தேவை புரிந்துவிடும். அதே நேரம் திரையில் 05 என்ற எண்ணோடு பெட்டி நிற்கும். தொடக்கத்திலும் ஒரு கவனம் வேண்டும். வரிசையாகப் பார்ப்பவர் உங்கள் முகப்பு இசையையும் அறிமுகத்தையும் எட்டு தடவை கேட்கவேண்டியிருக்கிறது. முதல் பகுதிக்கு அறிமுகம் இருக்கட்டும். இரண்டாவதிலிருந்து நேரே துணிக்குப் போங்கள்.

இதெல்லாம் பலிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒருவர் எவ்வளவு நேரம் செஷனில் இருந்தார் என்ற எண்ணை யூடியூப் சேனல்காரருக்குக் காட்டுவதில்லை. கிட்டத்தட்ட அதைச் சொல்லும் ஓர் எண் பிளேலிஸ்ட் கணக்கில் உண்டு: `Views per playlist start`. ஒருவர் பிளேலிஸ்டைத் தொடங்கினால் சராசரியாக எத்தனை வீடியோ பார்க்கிறார் என்பது அது. பழைய அறுபது வீடியோ பிளேலிஸ்டில் அது 1.2 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கிட்டத்தட்ட எல்லாருமே ஒன்றோடு எழுந்துவிடுகிறார்கள். எட்டு வீடியோத் தொடராகப் பிரித்தபின் ஒன்றிரண்டு மாதத்தில் அது 2-க்கு மேல் போனால் வழி வேலை செய்கிறது என்று அர்த்தம். எட்டுக்கு எட்டும் பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்கவேண்டாம்.

இன்னும் எளிய சோதனை, எட்டு வீடியோவின் பார்வைகளை வரிசையாகத் தாளில் எழுதிப் பார்ப்பது. முதல் பகுதிக்கு அதிகம், இரண்டாவதில் நல்ல சரிவு, பிறகு மெல்ல மெல்ல இறக்கம் என்றால் அது இயல்பு. ஐந்திலிருந்து ஆறுக்கு மட்டும் திடீரென்று பள்ளம் விழுந்தால் அந்த இடத்தில் ஏதோ அறுந்திருக்கிறது. ஆறாவது தவறுதலாகப் பிரைவேட்டில் இருந்ததா, ஐந்தின் எண்ட் ஸ்க்ரீன் பழைய வீடியோவைக் காட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பாடத்தைத் திருத்தி மறுபடி எடுத்துப் போடும்போது இது அடிக்கடி நேரும். புது வீடியோவுக்குப் புது லிங்க். பிளேலிஸ்டில் அதே இடத்தில் அதைச் செருகவேண்டும், முந்தைய பாடத்தின் பெட்டியையும், விளக்கத்தில் உள்ள லிங்கையும் மாற்றவேண்டும். மாறாக, நாலாவது மட்டும் மலைபோல் எழுந்து நின்றால் அது தேடல் வழியாக வரும் கூட்டம். அந்த வீடியோவின் முதல் அரை நிமிடத்துக்குள், "அளவு எடுக்கத் தெரியலைன்னா முதல் பாடத்துல இருந்து வாங்க" என்று சொல்லி ஒரு கார்டு வைத்தால் போதும்.

சில சேனல்களுக்கு இத்தனை உழைப்பும் பெரிதாக எதையும் தராது என்பதையும் சொல்லவேண்டும். யூடியூபில் பெரும்பாலான பார்வை முகப்புப் பக்கத்திலிருந்தும் பரிந்துரையிலிருந்தும் வருகிறது. பிளேலிஸ்ட் வழியாக வருவது பல சேனல்களில் சிறு பங்குதான். அன்றாடச் செய்திக்கும், ஊர் சுற்றும் வீடியோவுக்கும் வரிசை அவ்வளவு தேவையில்லை. ஆனால் பெயர் ஒழுங்கின் பலன் பிளேலிஸ்ட் கணக்கில் மட்டும் தெரிவதில்லை. பரிந்துரைப் பட்டியலில் பத்து அந்நிய வீடியோவுக்கு நடுவே "லைனிங் ப்ளவுஸ் 05" என்று ஒன்று தெரிந்தால், 04 பார்த்தவர் அதைத்தான் தொடுவார். இதைப் பார்த்தவர்கள் அதையும் பார்த்தார்கள் என்பதை வைத்தே யூடியூப் பெரிதும் பரிந்துரை செய்கிறது. பத்துப் பேர் 04-லிருந்து 05-க்குப் போனால் பதினோராவது ஆளுக்கு 05-ஐ அதுவே எடுத்துக்கொடுக்கும் வாய்ப்பு கூடுகிறது.

கடைசியாக, எட்டாம் பாடம். தொடர் இத்துடன் நிறைவு என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். எட்டையும் பொறுமையாகப் பார்த்து வந்தவரைப் போல உங்களுக்கு வேண்டப்பட்ட ஆள் வேறு யாரும் கிடையாது. அவர் கையில் ஒரு ப்ளவுஸ் தைத்து முடிந்திருக்கிறது. அவருக்குக் காட்டவேண்டியது "பிரின்சஸ் கட் 01". அதை இன்னும் எடுக்கவில்லை என்றால், எட்டாவதைப் போடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.